எரர் வரவில்லை, விடையும் சரியில்லை

“இந்த புரோகிராம் சரியா வேலை செய்யல. என்ன தப்புன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க.” இவ்வளவுதான் செய்தி. அதன் கீழே ஒரு பைத்தான் நிரல் ஒட்டப்பட்டிருக்கிறது. ஓட்டியபோது திரையில் என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்ற விவரம் எதுவும் இல்லை. பிழைச்செய்தியும் இல்லை.

நிரல் எழுதத் தெரிந்த எவருக்கும் இப்படி ஒரு செய்தி எப்போதாவது வந்திருக்கும். படித்தவுடன் கண்ணில் பட்ட ஏதோ ஒரு குறையைச் சொல்லிவிடுவதுதான் பலரும் செய்வது. அது பல நேரங்களில் உண்மையான காரணமாக இருப்பதில்லை. ஆனால் கையில் இருக்கும் அந்தச் சில வரிகளிலிருந்தே, கணினியில் ஓட்டிப் பார்க்காமலே, காரணத்தை மிக நெருங்கிவிட முடியும். அதற்கான முதல் தடயம் பிழைச்செய்தி இல்லை என்பதுதான். அது எப்படி என்று ஒரே ஒரு நிரலை எடுத்துக்கொண்டு கடைசிவரை பார்ப்போம்.

ஓர் ஆசிரியர் தேர்வு மதிப்பெண்களை `marks.txt` என்ற கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதி வைத்திருக்கிறார் என்று கொள்வோம். தேர்வுக்கு வராதவர்களுக்கு `AB` என்று போட்டிருக்கிறார். வராதவர்களை நீக்கிவிட்டு, மற்றவர்களில் அதிகபட்ச மதிப்பெண் எது என்று அவருக்குத் தெரிய வேண்டும். அவர் எழுதிய நிரல் இது:

```python
marks = []
for line in open("marks.txt"):
    marks.append(line.strip())

for m in marks:
    if m == "AB":
        marks.remove(m)

print("Highest:", max(marks))
```

பைத்தான் படித்திராதவர்களும் இதைப் பின்தொடரலாம். முதலில் `marks` என்ற காலிப் பட்டியல் ஒன்றை உருவாக்குகிறார். கோப்பின் ஒவ்வொரு வரியையும் எடுத்து, ஓரங்களில் ஒட்டியிருக்கும் இடைவெளிகளை `strip` மூலம் நீக்கி, அந்தப் பட்டியலில் சேர்க்கிறார். பிறகு பட்டியலை ஒருமுறை சுற்றிவந்து, `AB` கண்ணில் பட்டால் அதை `remove` செய்கிறார். கடைசியில் `max` என்ற உள்ளமைந்த செயல்பாட்டிடம் இருப்பதில் பெரியது எது என்று கேட்டு அச்சிடுகிறார். வாசிக்கும்போது எல்லாம் ஒழுங்காகவே தெரிகிறது.

இனி அந்த மௌனத்துக்கு வருவோம். பிழைச்செய்தி இல்லை என்பதற்கு மூன்று பொருள் இருக்கலாம். செய்தி வந்தது, அனுப்பியவர் அதை ஒட்டவில்லை. அல்லது செய்தியை நிரலே விழுங்கிவிட்டது. அல்லது உண்மையிலேயே எந்தச் செய்தியும் வராமல் நிரல் முழுதாக ஓடி முடிந்து, தவறான விடையைத் தந்தது. இந்த நிரலில் இரண்டாவதற்கு இடமில்லை. ஏனென்றால் பிழைகளைப் பிடித்து மறைக்கும் `try`, `except` என்ற சொற்கள் இதில் எங்குமே இல்லை. மீதி இரண்டில் எது என்று அறிய ஒரே கேள்வி போதும்: “Highest என்ற சொல் திரையில் வந்ததா?”

அந்தக் கேள்விக்கு ‘வந்தது’ என்று பதில் கிடைத்தால், கேட்டவருக்கு எதிர்பாராத அளவுக்கு விவரம் கிடைத்துவிடுகிறது. பைத்தான் ஒரு கோப்பை ஓட்டுவதற்கு முன் அதை முழுவதுமாக ஒருமுறை படித்து, இலக்கணம் சரியா என்று பார்க்கிறது. எங்கோ ஓர் அடைப்புக்குறி மூடப்படாமல் இருந்தாலும், உள்தள்ளல் பிசகியிருந்தாலும், முதல் வரிகூட ஓடாது. `SyntaxError` அல்லது `IndentationError` வந்துவிடும். கடைசி வரியின் அச்சு வந்துவிட்டது என்றால் அந்த வகைப் பிழைகள் அத்தனையும் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டன.

அதோடு முடியவில்லை. கோப்பு அந்த இடத்தில் இல்லை என்றால் இரண்டாவது வரியிலேயே `FileNotFoundError` வந்திருக்கும். வரவில்லை, ஆகவே கோப்பு கிடைத்தது. கோப்பு காலியாக இருந்திருந்தால் கடைசி வரியில் `max` ஒன்றும் இல்லாத பட்டியலைப் பார்த்து `ValueError` எழுப்பியிருக்கும். எழுப்பவில்லை, ஆகவே பட்டியலில் குறைந்தது ஒன்றாவது மிஞ்சியிருக்கிறது. நிரலின் வேறு பகுதியில், நமக்கு ஒட்டாமல் விட்ட வரிகளில், `max = 0` என்று யாராவது எழுதி அந்தப் பெயரைக் கெடுத்திருந்தால், ‘int என்பதை அழைக்க முடியாது’ என்ற பொருளில் ஒரு `TypeError` வந்திருக்கும். அதுவும் இல்லை.

இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒரு விலக்கல் உண்டு. பைத்தான் 3 எண்ணையும் எழுத்தையும் பெரிது சிறிது என்று ஒப்பிட மறுத்துவிடும். ஒரே பட்டியலில் 78 என்ற எண்ணும் `'AB'` என்ற எழுத்துத் தொடரும் கலந்திருந்தால் `max` அங்கேயே நின்று இப்படிச் சொல்லும்:

```
TypeError: '>' not supported between instances of 'str' and 'int'
```

பழைய பைத்தான் 2 இப்படி மறுக்காது. எண்ணையும் எழுத்தையும் தானாக ஏதோ ஒரு வரிசையில் வைத்து விடையைத் தந்துவிடும். 2008 டிசம்பரில் வெளியான பைத்தான் 3.0 தான் அந்தப் பழக்கத்தை நிறுத்தியது. இன்று பைத்தான் என்று யாரேனும் சொன்னால் அது பெரும்பாலும் 3 தான். 2க்கான ஆதரவு 2020 தொடக்கத்தோடு முடிந்துவிட்டது. ஆகவே நம் ஆசிரியருக்கு அந்த `TypeError` வரவில்லை என்றால், பட்டியலில் இருப்பவை எல்லாம் ஒரே இனம். நிரலைப் பார்த்தால் அது எந்த இனம் என்பதும் தெரிகிறது. கோப்பிலிருந்து வரியாகப் படிப்பவை எப்போதும் எழுத்துத் தொடர்களே. பைத்தானில் அதற்கு ஸ்டிரிங் என்று பெயர். 78 என்று கோப்பில் இருந்தாலும் நிரலுக்குள் அது 7, 8 என்ற இரண்டு எழுத்துகள்தான். அதை எண்ணாக மாற்ற `int` என்று எழுத வேண்டும். இந்த நிரலில் `int` எங்குமே இல்லை.

முதல் சந்தேகம் இங்கே உறுதியாகிறது. `max` எண்களில் பெரியதைத் தேடவில்லை. எழுத்துத் தொடர்களில், அகராதியில் கடைசியாக வரக்கூடியதைத் தேடுகிறது. இரண்டு தொடர்களை ஒப்பிடும்போது பைத்தான் முதல் எழுத்தை முதல் எழுத்தோடு பார்க்கும். அவை வேறுபட்டால் அத்தோடு தீர்ப்பு முடிந்தது; ஒன்றாக இருந்தால்தான் அடுத்த எழுத்துக்குப் போகும். ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோடில் ஓர் எண் உண்டு. ‘1’க்கு 49, ‘9’க்கு 57, ‘A’க்கு 65. எனவே `'9'` என்பது `'78'`ஐ விடப் பெரியது, `'100'`ஐ விடவும் பெரியது. `'100'` தன் முதல் எழுத்து 1 என்பதால் `'65'`இடமும் தோற்றுவிடுகிறது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எல்லா மதிப்பெண்களும் இரண்டு இலக்கமாக இருந்தால் இந்தத் தவறு வெளியே தெரியாது. 35, 62, 78, 91 என்று இருக்கும்வரை எழுத்து வரிசையும் எண் வரிசையும் ஒன்றுதான். யாராவது ஒருவர் 9 வாங்க வேண்டும், அல்லது ஒருவர் 100 வாங்க வேண்டும். அப்போதுதான் நிரல் பிசகும். “போன பரீட்சைக்கு நல்லாத்தான் வந்துச்சு, நான் நிரலை மாத்தவே இல்லை” என்று ஆசிரியர் சொன்னால் அவர் சொல்வது முழு உண்மையாக இருக்கலாம். நிரல் மாறவில்லை, தரவு மாறியிருக்கிறது. இப்படி ஒருவர் சொல்லும்போது நம்பாமல் தள்ளிவிடாமல், எந்த மாதிரித் தரவுக்கு இந்த நிரல் சரியான விடை தரும் என்று யோசித்தால் காரணம் சீக்கிரம் பிடிபடும்.

இரண்டாவது சந்தேகம் நடுவில் இருக்கும் சுற்றில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க நிரலைப் படித்தால் போதாது. ஒரு தாளில் நாமே ஓட்டிப் பார்க்க வேண்டும். கோப்பில் ஆறு வரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

```
78
AB
AB
9
100
65
```

பட்டியலில் இடங்களைப் பைத்தான் 0 முதல் எண்ணும். பட்டியலின் மேல் ஓடும் `for` சுற்று, அடுத்து பார்க்க வேண்டிய இடத்தின் எண்ணை மட்டும்தான் நினைவில் வைத்திருக்கிறது. முதலில் 0ஆம் இடம்: `'78'`. அது `AB` இல்லை, விட்டுவிடுகிறது. அடுத்து 1ஆம் இடம்: `'AB'`. அதை நீக்குகிறது. நீக்கியவுடன் பின்னால் இருந்தவை எல்லாம் ஓரிடம் முன்னால் நகர்கின்றன. 2ஆம் இடத்தில் இருந்த இரண்டாவது `'AB'` இப்போது 1ஆம் இடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் சுற்றுக்கு அது தெரியாது. 1ஐப் பார்த்தாகிவிட்டது என்று 2க்குப் போகிறது. அங்கே இப்போது `'9'` இருக்கிறது. ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்களை ஊழியர் ஒருவர் நடந்துகொண்டே சரிபார்க்கிறார், ஒருவரை வெளியே அனுப்பிய நொடியில் வரிசை முன்னால் நகர்ந்துவிடுகிறது, ஊழியரோ ஓரடி எடுத்துவைத்து அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறார் என்றால், நடுவில் ஒருவர் பார்க்கப்படாமலே தப்பிவிடுவார் அல்லவா, அதேதான் இங்கும் நடக்கிறது. 3இல் `'100'`, 4இல் `'65'`, பட்டியல் முடிந்தது. இரண்டாவது `'AB'` பட்டியலிலேயே இருக்கிறது.

`'A'`வின் எண் 65, இலக்கங்கள் எல்லாம் 57க்குள் அடங்கிவிடுகின்றன. ஆகவே தப்பித்த அந்த `'AB'`தான் எல்லாவற்றிலும் பெரியது. திரையில் வருவது:

```
Highest: AB
```

வராதவர்கள் அடுத்தடுத்த வரிகளில் இல்லாமல் தள்ளித் தள்ளி இருந்திருந்தால் இந்தக் கோளாறும் தெரியாமல் போயிருக்கும். 78, AB, 9, AB, 100, 65 என்ற வரிசையை எடுத்துத் தாளில் ஓட்டிப் பாருங்கள். முதல் `AB`ஐ நீக்கும்போது தப்பிப்பது 9. இரண்டாவதை நீக்கும்போது தப்பிப்பது 100. அவற்றை நீக்க வேண்டியதில்லை என்பதால் பார்க்காமல் விட்டதால் நட்டம் இல்லை. அடுத்தடுத்து நின்றால்தான் சிக்கல். மூன்று பேர் தொடர்ந்து வராமல் போனால் ஒரு `AB` மிஞ்சும். நான்கு பேர் என்றால் இரண்டு மிஞ்சும்.

ஓர் அகராதியை, அதாவது பைத்தானில் `dict` எனப்படுவதை, சுற்றிக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து ஒன்றை நீக்கிவிட்டு அடுத்ததைக் கேட்டால் பைத்தான் `RuntimeError` எழுப்பித் தடுத்துவிடும். பட்டியலுக்கு அப்படி ஒரு தடுப்பு இல்லை. சுற்றும்போது பட்டியலை மாற்றாதீர்கள், நகல் ஒன்றின் மேல் சுற்றுங்கள் அல்லது புதுப் பட்டியல் உருவாக்குங்கள் என்று பைத்தானின் அதிகாரபூர்வப் பயிற்சிக் கையேடே அறிவுறுத்துகிறது. அந்த அறிவுரையைப் படிக்காதவருக்கு இந்தத் தவறு எந்தச் சத்தமும் இல்லாமல் நடந்துவிடும். பிழைச்செய்தி இல்லாமல் ஒரு நிரல் வந்தால், சுற்றப்படும் பட்டியலின் பெயரும் `remove`, `pop`, `append` போன்றவற்றுக்கு முன்னால் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பார்ப்பது என் முதல் வேலைகளில் ஒன்று. பார்க்க ஒரு நிமிடம் ஆகாது, பலன் அதிகம்.

இப்போது நம்மிடம் இரண்டு தவறுகள் இருக்கின்றன. இரண்டுமே நிரலில் உறுதியாக உள்ளவை. ஆனால் இன்று ஆசிரியரைக் குழப்பியது எது? இதை அவர் பார்த்த விடையே சொல்லும். `AB` என்று வந்திருந்தால் நீக்கும் சுற்று தவறியிருக்கிறது. `9` என்று வந்திருந்தால் நீக்குவது ஒழுங்காக நடந்திருக்கிறது, ஒப்பிடுவதில்தான் கோளாறு. சிறிய எழுத்தில் `ab` என்று வந்திருந்தால் கதை வேறு: பைத்தானுக்கு `ab` வேறு, `AB` வேறு, கோப்பில் யாரோ சிறிய எழுத்தில் தட்டியிருக்கிறார்கள், நிரல் அதை நீக்க முயலவே இல்லை. திரையில் வந்ததை அப்படியே, ஒரு எழுத்தும் மாற்றாமல் அனுப்பச் சொல்வது இதற்காகத்தான். “தப்பான விடை வந்தது” என்று சொன்னால் இந்த மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன.

இதே நிரலைப் பத்துப் பேரிடம் காட்டினால் அவர்களில் சிலராவது இரண்டாவது வரியைச் சுட்டிக்காட்டுவார்கள். கோப்பைத் திறந்தவர் மூடவில்லை, `with` போட்டிருக்க வேண்டும் என்பார்கள். அது சரியான அறிவுரைதான். எழுதும் முறையில் அது ஒரு குறைதான். ஆனால் கோப்பை மூடாததால் 9 என்பது 100ஐ விடப் பெரிதாகிவிடாது. கண்ணில் படும் குறை ஒவ்வொன்றிடமும் ‘அவர் பார்த்த விடை உன்னால் வந்திருக்க முடியுமா’ என்று கேட்க வேண்டும். முடியாது என்றால் அதைக் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம். முதலில் சொன்னால், கேட்டவர் அதைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டி, மறுபடியும் அதே தவறான விடையோடு வந்து நிற்பார்.

ஆசிரியர் என்ன விடை வந்தது என்றே சொல்லவில்லை, ஆனால் ஒரு வரி சேர்த்து ஓட்டிப் பார்க்கத் தயாராக இருக்கிறார் என்றால் எந்த வரியைச் சேர்க்கச் சொல்வது? சந்தேகங்களைப் பிரித்துக் காட்டக்கூடிய வரியாக அது இருக்க வேண்டும். இங்கே அது கடைசி வரிக்கு முன்னால் `print(marks)`. ஒரு ஸ்டிரிங்கை நேரடியாக அச்சிட்டால் பைத்தான் மேற்கோள்குறி இல்லாமல் காட்டும். 9 என்ற எண்ணும் `'9'` என்ற எழுத்தும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். முழுப் பட்டியலையும் அச்சிட்டால் உள்ளே இருக்கும் ஸ்டிரிங்குகளுக்கு மேற்கோள்குறி போட்டுக் காட்டும். ஆக இப்படி வரும்:

```
['78', 'AB', '9', '100', '65']
Highest: AB
```

இந்த ஒரே வரியில் இரண்டு தவறுகளும் தெரிந்துவிடுகின்றன. மேற்கோள்குறிகள் இருப்பதால் எல்லாம் எழுத்துகள். `'AB'` இன்னும் இருப்பதால் நீக்கம் முழுமையாகவில்லை.

இதே வரி, ஒட்டிய நிரலை மட்டும் பார்த்து ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாத மூன்றாவது ஒன்றையும் காட்டிக்கொடுக்கும். சில மென்பொருள்கள் கோப்பைச் சேமிக்கும்போது அதன் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைச் சேர்த்துவிடும். எக்செல்லில் ‘CSV UTF-8’ என்ற வகையில் சேமித்தால் இது நடக்கும். `strip` அந்தக் குறியை நீக்காது. அதன் யூனிகோடு எண் மிகப் பெரியது என்பதால், கோப்பில் முதலாவதாக இருக்கும் மதிப்பெண் எதுவானாலும் அதுவே ‘அதிகபட்சம்’ ஆகிவிடும். திரையில் 78 என்று மட்டும் தெரியும், யாரும் சந்தேகப்படமாட்டார்கள். பட்டியலாக அச்சிட்டால் `'\ufeff78'` என்று வெளிப்பட்டுவிடும். சில விண்டோஸ் கணினிகளில் அதுவே `'ï»¿78'` என்று மூன்று விசித்திர எழுத்துகளோடு தெரியும். நிரலில் இல்லாத இந்த மாதிரிக் காரணங்களுக்காகத்தான், நிரலை மட்டும் வைத்துப் பேசும்போது ‘உறுதி’ என்ற சொல்லை நிரலின் வரிகளுக்கு மட்டும் பயன்படுத்துவதும், தரவைப் பற்றி ‘இருக்கலாம்’ என்று சொல்வதும் நேர்மை.

ஒட்டப்பட்ட நிரலும் ஓடிய நிரலும் ஒன்றேதானா என்ற கேள்வியும் இருக்கிறது. வாட்ஸ்அப் போன்ற செயலிகள் வழியாகவும் வேர்டு கோப்புகள் வழியாகவும் வரும் நிரல் வழியில் மாறிவிடுவது உண்டு. நேர் மேற்கோள்குறிகள் வளைந்த மேற்கோள்குறிகளாகிவிடும். வரியின் தொடக்கத்தில் இருந்த இடைவெளிகள் காணாமல் போய்விடும். வளைந்த மேற்கோள்குறியைப் பைத்தான் ஏற்காது, `SyntaxError` தரும். ஆகவே ஒட்டிய பிரதியில் வளைந்த குறி இருந்து, அனுப்பியவர் ‘ஓடியது, விடைதான் தப்பு’ என்று சொன்னால், அந்தக் குறி வழியில் வந்தது. அதைக் குற்றம் சொல்வதில் பயனில்லை.

உள்தள்ளல் போனால் இழப்பு பெரிது. பைத்தானில் எந்த வரி எந்தச் சுற்றுக்குள் இருக்கிறது என்பதை இடைவெளிதான் தீர்மானிக்கிறது. கடைசி `print` இரண்டாவது சுற்றுக்கு வெளியே இருந்ததா, உள்ளே இருந்ததா என்பது இடைவெளி இல்லாத பிரதியில் தெரியாது. அதையும் விடையிலிருந்து ஊகிக்கலாம்: ‘Highest’ ஒரே முறை வந்ததா, பலமுறை வந்ததா என்று கேட்டால் போதும். பலமுறை வந்திருந்தால் அது சுற்றுக்குள் இருந்திருக்கிறது.

திருத்தும் இடத்தில் ஒரு பொறி காத்திருக்கிறது. ‘எல்லாம் ஸ்டிரிங்காக இருக்கிறது, `int` போடுங்கள்’ என்று மட்டும் பதில் எழுதினால், ஆசிரியர் மூன்றாவது வரியை `marks.append(int(line.strip()))` என்று மாற்றுவார். முதல் `AB` வந்ததும் நிரல் நின்றுவிடும்:

```
ValueError: invalid literal for int() with base 10: 'AB'
```

முன்பு ஓடிக்கொண்டிருந்த நிரல் இப்போது ஓடவே இல்லை. நீங்கள் சொன்னதால் கெட்டது என்று அவர் நினைப்பது இயல்பு. உண்மையில் இது முன்னேற்றம். முன்பு மௌனமாக இருந்த நிரல் இப்போது எந்த வரியில், எந்தத் தரவில் இடறியது என்று சொல்கிறது. ஆனால் அடுத்து அவர் என்ன செய்வார் என்பதுதான் கவலை. இணையத்தில் தேடினால் கிடைக்கும் எளிய வழி இது:

```python
    try:
        marks.append(int(line))
    except:
        pass
```

எந்தப் பிழை வந்தாலும் ஒன்றும் செய்யாமல் கடந்துபோ என்று இதற்குப் பொருள். `AB` வரிகள் தாமாகவே விலகிவிடும், விடையும் சரியாக வரும். அதனால்தான் இது இவ்வளவு பரவியிருக்கிறது. அதனால்தான் எனக்கு இதன்மேல் இவ்வளவு வெறுப்பு. 70 என்பதற்குப் பதில் 7-ஐயும் ஆங்கில எழுத்து O-வையும் யாரோ தட்டியிருந்தால் அந்த மாணவரின் மதிப்பெண்ணும் சத்தமில்லாமல் விலகிவிடும். 45.5 என்று அரை மதிப்பெண் இருந்தாலும் அதே கதி. `int`க்குப் புள்ளி வைத்த எழுத்துத் தொடர் ஆகாது. இன்னும் மோசமான ஒன்று உண்டு. `line` என்பதை `lines` என்று தட்டிவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் `NameError` எழும், ஒவ்வொரு முறையும் அது விழுங்கப்படும். பட்டியல் காலியாகவே இருக்கும். கடைசியில் `max` காலிப் பட்டியலைப் பற்றிப் புகார் சொல்லும். பார்ப்பவர் கோப்பைத் திறந்து மதிப்பெண்கள் எல்லாம் இருக்கின்றனவே என்று தலையைப் பிய்த்துக்கொள்வார். தவறு நடந்த இடம் ஒன்று, செய்தி வரும் இடம் இன்னொன்று.

பிழைச்செய்தி இல்லாமல் வரும் நிரலில் `except` என்ற சொல்லுக்குப் பின்னால் எந்தப் பிழையின் பெயரும் இல்லாமல் முக்காற்புள்ளி மட்டும் இருந்து, அதன் கீழே `pass` இருந்தால், மற்ற எதையும் ஆராய்வதற்கு முன் அந்த வரிகளை எடுத்துவிட்டு ஓட்டச் சொல்லுங்கள். விழுங்கப்பட்ட செய்தி வெளியே வந்துவிடும். பாதி வழக்குகள் அங்கேயே தீர்ந்துவிடும் என்று எண்ணிக்கை சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் அதைச் செய்யாமல் மேற்கொண்டு ஊகிப்பது வீண் வேலை.

நம் ஆசிரியருக்குச் சொல்ல வேண்டிய திருத்தம் இரண்டு தவறுகளையும் சேர்த்தே தீர்க்க வேண்டும். நீக்கும் சுற்றே தேவையில்லை. சேர்க்கும்போதே `AB`ஐச் சேர்க்காமல் விட்டுவிட்டால் போதும்.

```python
marks = []
with open("marks.txt") as f:
    for line in f:
        m = line.strip()
        if m and m != "AB":
            marks.append(int(m))

print("Highest:", max(marks))
```

`if m` என்பது வெற்று வரிகளுக்காக. கோப்பின் கடைசியில் ஒரு வெற்று வரி இருப்பது சாதாரணம். பழைய நிரலில் அது ஒன்றுமில்லாத ஸ்டிரிங்காகப் பட்டியலில் சேர்ந்து, எல்லாவற்றிலும் சிறியதாக ஒதுங்கிக் கிடந்திருக்கும். அதிகபட்சத்தைக் கேட்கும்வரை அது தெரியாது, குறைந்தபட்சத்தைக் கேட்டிருந்தால் விடை வெறுமையாக வந்திருக்கும். புதிய நிரலில் அதை விலக்காவிட்டால் `int` அங்கே இடறும்.

மேலே சொன்ன ஆறு வரிக் கோப்புக்கு இந்த நிரல் 100 என்ற விடை தருகிறது. `ab` என்று சிறிய எழுத்தில் இருந்தாலும், 7-உடன் O கலந்திருந்தாலும், தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத குறி இருந்தாலும் இது விடை தராது. `ValueError` கொடுத்து நிற்கும், இடறிய எழுத்துகளை அப்படியே செய்தியில் காட்டும். வகுப்பில் ஒருவருமே தேர்வுக்கு வராவிட்டால் `max` புகார் சொல்லும். இந்த நிற்றல்களை நான் குறையாக எண்ணவில்லை. மதிப்பெண் பட்டியல் போன்ற ஒன்றில், தவறான எண்ணை நம்பிக்கையோடு அச்சிடும் நிரலைவிட, பாதியில் நின்று காரணம் சொல்லும் நிரலே நல்ல நிரல்.

அனுப்பும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை யாரிடமாவது நிரலை ஒட்டி உதவி கேட்கும்போது, திரையில் வந்ததை அப்படியே நகலெடுத்துச் சேருங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் ‘ஒன்றும் வரவில்லை’ என்றே எழுதுங்கள். என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள் என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள். தரவுக் கோப்பிலிருந்து, மாணவர் பெயர்களை நீக்கிவிட்டு, தவறான விடை தரும் நாலைந்து வரிகளைக் கூடவே வையுங்கள். உள்தள்ளல் கலையாமல் இருக்க, நிரலைச் செய்தியாக ஒட்டாமல் `.py` கோப்பாகவே அனுப்புங்கள்.